ரன்னர் போனால் ஜிப் போனதாகாது: பெரம்பூர் வாசல் குறிப்புகள்

மே 26

பெரம்பூரில் வாசலில் உட்கார்ந்து பை, குடை, ஷூ பழுது பார்க்கிறேன். காலையில் பெரியமேட்டுக்குப் போய் ரன்னர், அதாவது ஜிப்பை மூடவும் திறக்கவும் இழுக்கிற துண்டு, வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கையில் சரக்கு இல்லாவிட்டால் வந்த வேலையெல்லாம் திரும்பிப் போய்விடும். தோல், சோல், பக்கிள், ஜிப் எல்லாம் ஒரே சுற்றில் கிடைக்கிற இடம் அது.

ஐந்து, எட்டு, பத்து என மூன்று நம்பரிலும் எடுத்தேன். ஜிப்பை மூடி, பற்களின் மேல் குறுக்காக ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதுதான் அந்த நம்பர். பெரும்பாலான ரன்னரின் முதுகிலேயே நம்பர் பொறித்திருக்கும். குழந்தைகளின் பென்சில் பவுச்சுக்கும் பையின் முன் அறைக்கும் ஐந்து போதும். புத்தகம் வைக்கிற பெரிய அறைக்கு எட்டு அல்லது பத்து.

நம்பர் ஒன்றானால் போதும் என்று நினைத்து வாங்கக் கூடாது. நைலான் சுருளாக ஓடுகிற ஜிப்புக்கு ஒரு ரன்னர், தனித்தனிப் பிளாஸ்டிக் பல் வைத்த ஜெர்கின் ஜிப்புக்கு வேறு ரன்னர், பேன்ட்டின் பித்தளைப் பல்லுக்கு இன்னொன்று. உள்ளே இருக்கும் வழி ஒவ்வொன்றிலும் வேறு. பேன்ட்டுக்கு லாக் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். லாக் இல்லாததைப் போட்டால் நடக்க நடக்கத் தானாகவே இறங்கிவிடும். பைக்கு லாக் இல்லாததுதான் நல்லது, இரண்டு பக்கமும் தடையில்லாமல் ஓடும்.

மே 29

இன்று வந்த பைகளில் முக்கால்வாசி ஒரே புகார்: "ஜிப் போயிடுச்சுக்கா, புதுசு போடணும்." வாங்கிப் பார்த்தால் ஜிப் நன்றாகவே இருக்கிறது, தேய்ந்தது ரன்னர் மட்டும்தான். முழு ஜிப்பையும் பிரித்து மாற்றினால் நான் 150 ரூபாய் வாங்குகிறேன், அரை நாளும் போகும். ரன்னர் மாற்ற 40 ரூபாய். அதனால் வாங்கியதும் வந்தவர்கள் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டிவிடுகிறேன்.

பையைக் காலி செய்து ஜிப்பை மெதுவாக மூடிக்கொண்டே போக வேண்டும். ரன்னர் கடந்து போன இடத்தைக் கவனிக்க வேண்டும். பற்கள் கோர்க்காமலே பின்னால் வருகின்றனவா, அல்லது கோர்த்து உடனே வாயைப் பிளக்கின்றனவா? அதுவும் ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லா இடத்திலும் அப்படியா? அப்படியானால் குற்றம் ரன்னரில். எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் பிளந்தால் அந்த இடத்துப் பல்லில் குற்றம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் பல் வரிசையை வருடினால் தெரிந்துவிடும். நல்ல சுருள் ஒரே மாதிரி நெறுநெறுவென்று இருக்கும். நசுங்கிய இடத்தில் நகம் வழுக்கும், பிய்ந்த இடத்தில் மாட்டும்.

ரன்னர் ஏன் தேய்கிறது என்றால், அதற்கு மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று இரண்டு உண்டு. அவற்றுக்கு நடுவில்தான் பற்கள் நெருக்கப்பட்டுக் கோர்க்கின்றன. புத்தகத்தைத் திணித்துவிட்டு ஒரு கையால் இழுக்கும்போது அந்தத் தட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிகின்றன. மண்ணும் சேர்ந்தால் உட்புறம் அரைபட்டு, மேல் பூச்சு போய் வெள்ளை உலோகம் தெரியும். இடைவெளி கூடிவிட்டால் பற்களை நெருக்க ஆள் இல்லை.

மே 30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பிளேயரால் நசுக்கினாலே சரியாகிவிடுமே என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். சரியாகும், ஆனால் சில வாரம்தான். அவசரத்துக்கு வந்தவர்களுக்கு நானும் அதைச் செய்து தருகிறேன், காசு வாங்குவதில்லை.

நசுக்க வேண்டிய இடம் ரன்னரின் பின்பக்கம், அதாவது கோர்த்த பற்கள் வெளியே வருகிற ஒற்றை வாய்ப் பக்கம். அதன் இடது ஓரத்தைப் பிளேயரால் லேசாக ஓர் அழுத்து, அதே அளவு வலது ஓரத்தில் ஓர் அழுத்து, பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். போதவில்லையென்றால் இன்னொரு தடவை. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் ரன்னர் கோணிக்கொண்டு ஓடும், அந்தப் பக்கத்துப் பல்லைத் தின்னும். அதிகம் அழுத்திவிட்டால் நகராது. மலிவு ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, வளைந்து கொடுக்காமல் பட்டென்று விண்டுபோகும். ஒரு முறை இப்படிச் சரிசெய்த ரன்னர் மறுபடி தளர்ந்து வந்தால், அதைத் திரும்ப நசுக்க நான் துணிய மாட்டேன், மாற்றிவிடுவேன்.

ஜூன் 1

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவுடன் வந்தாள். பெரிய அறையில் எட்டு நம்பர் சுருள் ஜிப், இரண்டு ரன்னர். வலது கைப் பழக்கம் என்பதால் வலது ரன்னரை மட்டுமே இழுத்திருக்கிறாள். அது முழுக்கத் தளர்ந்துவிட்டது, இடது ரன்னர் புதிது போல இருக்கிறது. நகத்தால் வருடிப் பார்த்தேன், பல் வரிசை முழுக்க நன்றாக இருந்தது. "ஒண்ணை மட்டும் மாத்தினா போதும்மா" என்றேன். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "உட்கார்ந்து பாருங்க" என்று ஸ்டூலைப் போட்டேன்.

பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால், ஜிப்பின் முனை பக்கவாட்டுத் தையலில் போய்ப் புதைவது தெரியும். அதன் மேல் நாடா வைத்து மூடித் தைத்திருப்பார்கள். வலது முனையில் மட்டும் இரண்டு அங்குல நீளத்துக்கு அந்த நாடாவின் தையலைப் பிரித்தேன். பிளேடை நூலின் மேல் மட்டும் படும்படி படுக்கையாகப் பிடிக்க வேண்டும், துணியில் பட்டால் வேறு வேலை வந்துவிடும். முனை வெளியே வந்ததும் பழைய ரன்னரை உருவி எடுத்தேன்.

அடுத்ததுதான் முக்கியம். பற்கள் பிடித்திருக்கும் ஜிப்பின் இரண்டு துணிப் பட்டிகளையும் சேர்த்துப் பிடித்து முனையைக் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டினேன். நூல் பிரியாமல் இருக்கத் தீக்குச்சியைக் காட்டி ஓரத்தை உருக்கினேன். பல்லில் தீ படக் கூடாது, உருகிக் கட்டியானால் ரன்னருக்குள் நுழையாது. புது ரன்னருக்கு ஒரு பக்கம் இரண்டு வாய், மறுபக்கம் ஒரு வாய். பையின் நடுவைப் பார்த்து இரண்டு வாய் இருக்கும்படி பிடித்து, ஆளுக்கொரு வாயில் பட்டி முனைகளை நுழைத்தேன். ஒற்றை வாய் வழியாக இரண்டு முனையும் சமமாக வெளியே வந்ததும், அவற்றை இடது கையில் இறுகப் பிடித்து ரன்னரை ஒரு சாண் தூரம் ஓட்டினேன். பின்னால் பற்கள் கோர்த்துக்கொண்டே வந்தன.

இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பட்டி மற்றதைவிட இரண்டு பல் முன்னால் கோர்த்திருந்தால் முனையில் தெரியாது. முழுக்க மூடின பிறகு ஒரு பக்கத் துணி அலை அலையாகச் சுருங்கி நிற்கும், எதிர் ரன்னரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பக்கம் மீதம் நிற்கும். அப்படி இருந்தால் உருவிவிட்டு மறுபடி நுழைப்பது ஒன்றே வழி. இதில் மட்டமாக வந்துவிட்டது.

ரன்னர் வெளியே ஓடிவிடாமல் இருக்க, முனையிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பல்லின் குறுக்கே நைலான் நூலால் ஏழெட்டுச் சுற்று தைத்தேன். பிறகு முனையைப் பழைய இடத்தில் வைத்து நாடாவை மூடி, கைத்தையலில் இரட்டையாகத் தைத்தேன். கடைசியாகப் பழைய டூத் பிரஷ்ஷால் பல் வரிசையைத் தேய்த்து மண்ணை எடுத்து, மெழுகுவர்த்தியை மேலே ஒரு முறை இழுத்தேன். எண்ணெய் விடவே கூடாது. அன்றைக்கு வழுக்கும், ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு ரன்னரை அரைக்கும்.

அந்தப் பெண் தானே மூடித் திறந்து பார்த்தாள். "திணிச்சுட்டு இழுக்காதேம்மா, ரெண்டு பக்கத்தையும் ஒரு கையால சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இழு" என்று காட்டிக்கொடுத்தேன். அம்மா 40 ரூபாய் கொடுத்துவிட்டு, வீட்டில் மூலையில் போட்ட ட்ராலிப் பை ஒன்றும் இருக்கிறது என்றார். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 4

சாயங்காலம் நல்ல மழை. ஒரு பெரியவர் கம்பி முறிந்த நீளக்குடையோடு வந்தார். முறிந்தது மூட்டில் இல்லை, கம்பியின் நடுவில், அதனால் எளிது. செத்த குடை ஒன்றிலிருந்து அதே மாதிரி பள்ளக் கம்பியில் இரண்டு அங்குலம் வெட்டி, முறிவு நடுவில் வரும்படி மேலே கவிழ்த்து, இரண்டு முனையிலும் பிளேயரால் நெரித்தேன். வெட்டின முனைகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் துணி கிழியும். பழைய குடைகளை நான் எறிவதே இல்லை.

ஜூன் 7

ஒருவர் ஐந்தாறு வருடம் அட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவைக் கல்யாணத்துக்குப் போட்டாராம், மண்டபத்திலேயே சோல் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. ஒட்டித் தரச் சொன்னார். சோலில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன், கேக் போல உள்ளே இறங்கிப் பொடி வந்தது. அது பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேனில் செய்தது. போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரமே அதை உள்ளுக்குள் சிதைத்துவிடும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பசை நல்ல பசையாக இருந்தாலும் அது பிடித்துக்கொள்ள உறுதியான பரப்பு வேண்டும். ஒட்டினால் பசையோடு ஒரு படலம் மட்டும் உரிந்து வரும்.

மேல் தோல் நன்றாக இருந்ததால் பழைய சோலை முழுக்கச் சுரண்டிவிட்டு ரப்பர் சோல் போடலாம் என்றேன். சுரண்டி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, ஒரே முறையில் சரியாக வைத்து அழுத்த வேண்டும். வைத்த பிறகு நகர்த்த முடியாது. பிறகு ஓரத்தில் சுற்றித் தையல். 350 ரூபாய் ஆகும் என்றதும் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஜூன் 9

ட்ராலிப் பை வந்தது. இதில் ரன்னர் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. சுருளைப் பட்டியோடு பிடித்திருக்கும் மெல்லிய தையல் ஒரு ஜாண் நீளத்துக்கு அறுந்து, சுருள் தனியே தூக்கிக்கொண்டு நிற்கிறது. விரல் நீளம் என்றால் கையால் ஒவ்வொரு சுருளுக்கும் நடுவே ஊசியை விட்டுத் தைத்துவிடுவேன். கீழ் முனைக்குப் பக்கத்தில் என்றால் அந்த இடத்துக்கு மேலே குறுக்கே தைத்து, ஜிப்பை அவ்வளவுக்குக் குறைத்துவிடலாம். இது சரியாக வளைவில் போயிருக்கிறது, பை திறக்கும்போது அதிகம் இழுபடுகிற இடம். முழு ஜிப்பும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நம்பர் ஜிப் ரோலில் இரண்டரை மீட்டர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பழையதை அளந்ததில் இரண்டே கால்தான் வந்தது, வளைவில் திரும்ப மீதம் வேண்டும்.