டீசரில் குதிக்கும் இசை

இன்று கண்ணில் பட்ட ஒரு அனிமேஷன் டீசர். வரைந்த விதம் அவ்வளவு அழகு. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் இசை அறுந்து குதித்தது.

முடிந்த படத்தை, கலந்த ஒலியோடு சேர்த்தே வெட்டினால் இப்படித்தான் ஆகும்.

வசனம், இசை, மற்ற ஒலிகள் மூன்றையும் தனித்தனி டிராக்காக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இசையை மட்டும் ஒரே ஓட்டமாக வையுங்கள். நொடிக்கு 24 பிரேம் என்றால் 30 நொடி டீசருக்கு 720 பிரேம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள இசையில் ஒரு தட்டு 12 பிரேம். நான்கு தட்டுக்கு ஒரு காட்சி என்று வெட்டினால், 12 காட்சிகளில் 24 நொடி முடிந்துவிடும்.

அங்கே இசையை நிறுத்துங்கள். கடைசிக் காட்சியில் ஒரு கதவு திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது கிறீச்சிடும் ஒலி மட்டும்.

கதவு முழுதாகத் திறக்கும் முன்பே தலைப்பு வந்துவிட வேண்டும். தலைப்புக்கு மூன்று நொடியாவது கொடுங்கள், படிக்க நேரம் வேண்டுமே.