பெற்ற அம்மாவா?

"பெற்ற அம்மாவா?" என்று கேட்டேன். இரண்டே சொல். கேட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றும். கேட்காமல் எப்படி விடுவது என்று மறுநாள் தோன்றும். ஒன்றரை வருடமாக இப்படியே ஓடுகிறது.

எங்கள் டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எடுத்திருந்த ஒருவர் காலையில் கூப்பிட்டார். "அம்மா தவறிட்டாங்க மேடம். சாயங்கால ஃப்ளைட்ல என்னால போக முடியாது." நான் ஆறுதலாக ஏதோ சொல்லிக்கொண்டே சீட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். அது சரியான வேலை. பணம் திரும்புமா என்று முதலில் பேசி முடிப்போம், சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் விமானம் கிளம்பிவிடும். அதன் பிறகு அவர் கேன்சல் செய்தவர் அல்ல, சொல்லாமல் வராமல் போனவர். நோ-ஷோ அபராதம் தனியாக ஏறும், பிறகு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் எடுபடுவது கடினம். சீட்டை விட்டால் டிக்கெட் போய்விடாது, அது திறந்தபடியேதான் இருக்கும். இதை விளக்கினேன். அவருக்கு எவ்வளவு காதில் ஏறியதோ தெரியாது.

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கேன்சலேஷன் சார்ஜ் பிடிக்காம ஏதாவது பண்ண முடியுமா? இந்த நேரத்துல பணத்தைப் பத்திக் கேக்கறேன்னு நினைக்காதீங்க."

அவருடையது மலிவு டிக்கெட். விலை 100 என்றால் அடிப்படைக் கட்டணம் 55, விமான நிறுவனம் தன் பங்குக்கு வைக்கும் சர்சார்ஜ் 25, விமான நிலைய வரிகள் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிக்கெட்டின் விதிப்படி முதல் இரண்டும் போய்விடும். பயணமே நடக்காததால் வரி மட்டும் திரும்பும். ஆனால் பயணியோ நெருங்கிய குடும்பத்தினரோ இறந்தால் அபராதம் கிடையாது என்று அதே அபராத விதிக்குக் கீழேயே இப்படி ஒரு வாசகம் இருந்தது.

```
WAIVED FOR DEATH OF PASSENGER OR
IMMEDIATE FAMILY MEMBER
```

"அம்மாங்கறதால முழுசாவே கிடைக்கலாம், இறப்புச் சான்றிதழ் மட்டும் அனுப்புங்க" என்றேன். இந்த நம்பிக்கையைக் கொடுத்ததும் நான்தான்.

நான்கு நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதில் இறந்தவர் பெயர், கணவர் பெயர், தேதி எல்லாம் இருந்தன. பயணிக்கு அவர் என்ன உறவு என்று அது சொல்லாது, அது அதன் வேலையும் அல்ல. உறவைக் காட்ட வேறொரு தாள் வேண்டும். அவருக்கு விசா எடுத்துக் கொடுத்ததும் நாங்கள்தான் என்பதால், புதிதாக ஒன்று கேட்டு அலைய வைக்க வேண்டாமே என்று பழைய கோப்பைத் திறந்தேன். விசா படிவத்தில் தாயின் பெயர் வேறு, தந்தையின் பெயரும் வேறு.

போன் போட்டேன். கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பெரியம்மா மேடம். மூணு வயசுலேர்ந்து அவங்கதான் வளர்த்தாங்க. அவங்களை வேற மாதிரி சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரின் குரல் அல்ல அது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், இந்த மேசையில் இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

என் பக்க நியாயம் ஒன்று உண்டு. தகுதி இல்லாத டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் நாங்கள் திருப்பிவிட்டு, பிறகு விமான நிறுவனம் தாள்களைக் கேட்டுச் சரிபார்த்தால், பயணியிடம் போகமாட்டார்கள். வித்தியாசத் தொகையைக் கேட்டு எங்கள் பெயரில் ஏஜென்சி டெபிட் மெமோ வரும். எங்கள் தொழிலில் அதற்கும் ஏடிஎம் என்றுதான் பெயர். பணம் கொடுக்கிற ஏடிஎம் இல்லை, பிடுங்குகிற ஏடிஎம். ஆகவே தெரிந்தே 'தாய்' என்று எழுதி அனுப்ப என்னால் முடியாது.

ஆனால் இந்த நியாயத்தில் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொருவர் மாமனார் இறந்துவிட்டதாகச் சொல்லிச் சான்றிதழ் அனுப்பினார். அப்படியே மேலே அனுப்பினேன், விலக்கும் கிடைத்தது. மாமனார்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க என்னிடம் கோப்பு இல்லை, அவ்வளவுதான். எங்களிடமே விசாவும் எடுத்த பழைய வாடிக்கையாளர் மாட்டிக்கொண்டார். எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர் தப்பித்தார்.

சரி, உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்போம் என்று விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் பெரியம்மாவை 'ஆன்ட்' என்று எழுதினேன், 'வளர்த்தவர்' என்று பக்கத்தில் சேர்த்தேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது: இந்த உறவு பட்டியலில் இல்லை, விதிப்படி பிடித்துக்கொள்ளவும். மேனேஜரிடம் காட்டினேன். "அவங்க சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது. நம்ம சர்வீஸ் சார்ஜை வேணும்னா விட்டுடும்மா" என்றார். விட்டோம். இழவு வீட்டுக்காரரை இன்னும் இழுத்தடிக்க வேண்டாம், வருகிற 20ஆவது சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று அன்று மதியமே ரீஃபண்டைப் போட்டு முடித்தேன்.

முதல் கேள்வியை விட இந்த அவசரம்தான் இப்போது அதிகம் உறுத்துகிறது. சில வாரம் கழித்து வேறொருவருக்காக அதே நிறுவனத்தின் விலக்குப் பட்டியலை முழுசாகப் படித்தேன். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், மாமனார் மாமியார். கடைசியில் சட்டப்படியான பாதுகாவலர். அந்தக் கடைசிச் சொல்லை அன்று நான் படிக்கவே இல்லை. படித்திருந்தால், அவருடைய பள்ளிச் சான்றிதழில், பழைய ஆவணம் எதிலாவது, பாதுகாவலர் என்ற இடத்தில் பெரியம்மா பெயர் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். டிக்கெட் திறந்திருக்கும் வரை இன்னொரு முறை மேல்முறையீடு செய்ய இடமுண்டு. ரீஃபண்ட் போட்டதும் அதன் நிலை REFUNDED என்று மாறிவிடும். மூடிய கணக்கை மறுபடி திறக்க வைப்பது பெரும் பாடு.

வீட்டுக்குள் பிள்ளை வளர்க்கிறவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாவலர் என்று எழுதி வாங்குவார்கள்? பெரும்பாலும் அப்படி ஒரு தாளே இருந்திருக்காது. இப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தாள் இருக்காது என்று தெரிந்துகொண்டு நான் கேட்காமல் விடவில்லை. அந்த முதல் கேள்வியைக் கேட்ட கூச்சத்தில், அவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்கவே வாய் வரவில்லை. முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. பட்டியலைப் படித்த பிறகும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், அல்லது நினைக்கப் பார்க்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தள்ளிப்போன அதே பயணத்துக்கு மறுபடி எங்களிடமே வந்தார். "பழைய விவரத்தையே போட்டுடுங்க மேடம்" என்றார். கோப்பைத் திறந்தேன். முன்பதிவுப் படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவருடைய பெரியம்மாவின் பெயர், உறவு என்ற இடத்தில் 'அம்மா'. அன்று விசா படிவத்தைத் தேடும்போது இந்தத் தாளையும் புரட்டித்தான் இருப்பேன்.

அந்த இடத்தில் இப்போது யார் பெயரைப் போடுவது என்று அவரிடம் கேட்கவில்லை. காலியாக விட்டே டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தேன்.