மாவு விலையை ஏற்றிய கதை

தருமபுரியில் எங்களுடையது சின்ன இட்லி மாவுக் கடை. முதல் தடவை விலையை ஏற்றியபோது யாரிடமும் சொல்லவில்லை, காலையில் கடை திறந்ததும் புது விலை, அவ்வளவுதான். பக்கத்துத் தெருப் பையன் தூக்குச்சட்டியும் எண்ணி வைத்த நாற்பது ரூபாயுமாக வந்து நின்றான். வழக்கமாக அந்தக் காசைத்தான் கொடுத்து அனுப்புவார்கள். அஞ்சு ரூபாய் குறையுது என்றதும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனான். பிறகு அவன் அம்மாதான் வந்தார். "ஏத்துங்கண்ணா, வேணாங்கல. நேத்தே சொல்லியிருந்தா பிள்ளைகிட்ட சேத்துக் குடுத்திருப்பேன்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த முறை உளுந்து கிலோவுக்கு முப்பது ரூபாயும் இட்லி அரிசி ஆறு ரூபாயும் ஏறின. நாலு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து போட்டு அரைத்தால் எங்கள் கிரைண்டரில் ஏறக்குறைய 12 கிலோ மாவு வரும். அரிசியில் 24, உளுந்தில் 30, ஆக 54 ரூபாய் கூடுதல், கிலோ மாவுக்கு நாலரை. உளுந்தைக் குறைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் இட்லி தட்டையாகக் கல் மாதிரி வந்தால் தினமும் ஊற்றுகிறவர்களுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும்.

அதனால் இருபதாம் தேதியே சாக்பீஸில் எழுதிப் போட்டேன். உளுந்து இவ்வளவு, அரிசி இவ்வளவு ஏறிவிட்டது, ஒன்றாம் தேதியிலிருந்து கிலோ 50, அதுவரை 45. பலகையை எல்லாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் மாவு ஊற்றும்போது வாயாலும் சொன்னேன், பிள்ளைகள் வந்தால் துண்டுச் சீட்டு. நாலரைக்கு ஏன் அஞ்சு என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டார் (அவர் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்). சில்லறைக்காகத்தான் சார், அந்த அரை ரூபாய் எனக்குத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

முன்கூட்டிச் சொன்னால் பழைய விலைக்கே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எண்ணெய்க் கடைக்காரர் பயமுறுத்தினார். எண்ணெய்க்கு அது சரி, மாவு பிரிட்ஜில் வைத்தாலும் மூணு நாலு நாளில் புளித்துவிடும், யார் பதுக்குவார்கள்?

தினமும் பத்துக் கிலோ எடுக்கும் டிபன் கடை அண்ணனிடம் மட்டும் நேரில் போனேன். அவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் கூடுதல் செலவு, இட்லி விலையை அவர் உடனே மாற்ற முடியாது. பதினைஞ்சாம் தேதி வரை பழைய விலை என்று பேசி முடித்தோம். கல்யாண வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்களுக்கும் 45தான்.

மூன்று வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிலோ வாங்குகிறார்.