பேக் ட்ரான்ஸ்லேஷன்ல ஒரு பிழையும் இல்ல, ஆனா அடுத்த மாத்திரை என்னைக்கு?

மருந்து கூட குடுக்கற நோயாளி தகவல் தாள் இருக்குல்ல, அதோட தமிழாக்கத்த சரிபாக்கறதுதான் என் வேலைல பெரும்பகுதி. நாகர்கோவில்ல வீட்டுல இருந்தே பண்றேன், ஏஜென்சி வழியா வரும். இந்த ஃபீல்டுக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற ஒரு கேள்வி, பேக் ட்ரான்ஸ்லேஷன் பண்ணியாச்சுல்ல, அப்புறம் எதுக்கு ஆளுங்கள உக்கார வச்சு வாசிக்கச் சொல்லணும்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா, நான் பாத்த ஒரு லீஃப்லெட்ட வச்சு இங்க எழுதிடறேன்.

முறை என்னன்னா, இங்கிலீஷ் மூலத்த ஒருத்தர் தமிழாக்குவார். அந்தத் தமிழ மட்டும் இன்னொருத்தர் கைல குடுப்பாங்க, அவர் மூலத்த பாத்திருக்கவே கூடாது, அவர் அத திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டு வருவார். அப்புறம் ரெண்டு இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரிவரியா பாத்து, எங்க வித்தியாசம் வருதோ அத ஒரு டேபிள்ல போட்டு, அது தமிழ்ல வந்த தப்பா இல்ல திரும்பக் கொண்டு வந்தவரோட தப்பான்னு எழுதணும், இந்தக் கடைசி ரெண்டும்தான் என் பங்கு. தமிழ் ஒரு எழுத்து தெரியாத மெடிக்கல் டீம் எங்கயோ உக்காந்து இந்த டேபிள பாத்துதான் ஓகே சொல்லுவாங்க, அவங்களுக்கு வேற வழியும் கிடையாது. ட்ரையல் சம்பந்தமான பேப்பர்னா எத்திக்ஸ் கமிட்டியும் பேக் ட்ரான்ஸ்லேஷன் சர்டிபிகேட் எங்கன்னு கேக்கும்.

இது வீண் வேலைன்னு நான் சொல்லவே மாட்டேன். "எடுக்கக் கூடாது"ல "கூடாது" விழுந்துட்டா, 2.5 மி.கி. ங்கறது 25 ஆயிட்டா, ரெண்டு பக்கம் தாண்டி ஒரு எச்சரிக்கை வரி மொத்தமா விட்டுப்போயிட்டா, இதெல்லாம் பேக் ட்ரான்ஸ்லேஷன்ல கண்டிப்பா மாட்டும், நானே பிடிச்சிருக்கேன். அது பிடிக்காதது வேற ஒரு வகை.

மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொல்ற முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் குடுப்பாங்க. தெரியாம தினமும் போட்டுட்டா வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறைஞ்சு காய்ச்சல், தொற்றுன்னு போயி உயிருக்கே ஆபத்தாகும். இது பல நாடுகள்ல திரும்பத் திரும்ப நடந்த தப்பு, அதனாலதான் 2019ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சி இதுக்குன்னே தனியா நடவடிக்கை எடுத்துச்சு, பெட்டி மேல பெருசா எச்சரிக்கை, நோயாளி கைல ஒரு கார்டு, பாட்டிலுக்குப் பதிலா மாத்திரை அட்டைன்னு. கூடவே ஃபோலிக் ஆசிட் வேற குடுப்பாங்க, பல கம்பெனில அதுவும் மஞ்சளா சின்னதா இருக்கும் இதுவும் மஞ்சளா சின்னதா இருக்கும். ஆக இந்த லீஃப்லெட்ல எந்த வரி தப்பா புரிஞ்சாலும் பரவால்ல, எப்போ போடணும்ங்கற வரி மட்டும் தப்பா புரியவே கூடாது.

மூலத்துல இருந்த விஷயம் இதுதான்: வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வாரமும் அதே கிழமைல, தினமும் கூடாது. தமிழ்ல வந்தது, "ஒவ்வொரு வாரமும் ஒரு முறை, ஒரே நாளில் எடுத்துக்கொள்ளவும். தினமும் எடுக்கக் கூடாது." திரும்ப இங்கிலீஷ்ல வந்தப்போ 'ஒன்ஸ் எவரி வீக், ஆன் த சேம் டே'ன்னு வந்துச்சு. மூலத்தோட ஒட்டிப் போகுது, டேபிள்ல அந்த வரிக்கு நேரா ஒண்ணும் எழுத வேண்டியிருக்கல.

ஆனா அந்தத் தமிழ திரும்ப வாசிச்சுப் பாருங்க. "ஒரே நாளில்"னா அதே கிழமைலன்னும் எடுக்கலாம், ரெண்டு நாளா பிரிக்காம ஒரு நாளுக்குள்ளன்னும் எடுக்கலாம். ஒரே நாள்ல சென்னை போயிட்டு வந்தேன்னு சொன்னா நாம ரெண்டாவதத்தானே நினைப்போம்? 10 மி.கி. டோஸ்னா 2.5 மி.கி. மாத்திரை நாலு வரும், அப்போ நாலையும் ஒரே நாள்ல போட்டுடணும்னு எடுக்கறது ரொம்ப இயல்பு. அதுல தப்பும் இல்ல, நாலையும் அன்னைக்கேதான் போடணும். தப்பு வர்றது அடுத்த வாரத்துல.

ஏஜென்சி கிட்ட கேட்டு, தக்கலை பக்கம் ஒரு கிளினிக்ல டாக்டரோட அனுமதியோட, இந்த மருந்த இதுவரைக்கும் சாப்பிடாத சிலர்ட்ட வாசிக்கக் குடுத்தோம். ஏற்கனவே சாப்பிடறவங்கள எடுத்தா அவங்க பேப்பர வாசிச்சு பதில் சொல்ல மாட்டாங்க, ஞாபகத்துல இருந்து சொல்லிடுவாங்க. அதுல ஒரு அக்கா, அண்டி ஆபீஸ்னு சொல்ற முந்திரி ஆலைல பருப்பு உடைக்கற வேலை, மைனிக்குத் துணைக்கு வந்திருந்தாங்க, நல்லா சத்தமா தடங்கல் இல்லாம வாசிச்சாங்க. புரிஞ்சுதான்னு நாங்க கேக்கல, அப்படிக் கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. சனிக்கிழமை ராத்திரி நாலு மாத்திரை போட்டுட்டீங்க, அடுத்தது என்னைக்கு போடுவீங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "திங்கக்கிழமை போடலாம்லா, அது அடுத்த வாரம்தானே. வாரத்துக்கு ஒருக்கா, நாலும் ஒரே நாளுல. தினமும் கூடாதுன்னு போட்டிருக்கு, நான் நடுவுல ஞாயிறு விட்டிருக்கேன்லா"ன்னு சொன்னாங்க.

அவங்க சொன்னதுல எங்கயுமே ஓட்டை கிடையாது, பேப்பர்ல இருந்த ரெண்டு வாக்கியத்தையும் மீறாம ரெண்டு நாள் இடைவெளில ரெண்டு டோஸ். இன்னொரு அண்ணன், ரப்பர் பால் வெட்டற வேலை, அவரும் கிட்டத்தட்ட இதேதான், கூலி கைல வந்து கடைக்குப் போற நாள்ல போட்டுக்கலாம்னு சொன்னார், அந்த நாள் வாரா வாரம் மாறும்.

அப்போ பேக் ட்ரான்ஸ்லேஷன்ல இது ஏன் தெரியல? திரும்ப இங்கிலீஷாக்கினவர் திறமையான ஆளு, அந்தத் திறமையாலதான் தெரியல. ஆயிரம் லீஃப்லெட் பாத்தவர் கண்ணுக்கு 'வாரம் ஒருமுறை' பக்கத்துல 'ஒரே நாள்'னு வந்தா அது எந்த இங்கிலீஷ் வரில இருந்து வந்திருக்கும்னு உடனே தெரிஞ்சுடும், மூலத்த காட்டலைன்னாலும் மூலம் அவர் மனசுல இருக்கும். தமிழ்ல ரெண்டு அர்த்தம் வர்ற இடத்துல அவர் ஒண்ண எடுத்துத்தான் ஆகணும், எடுத்ததும் இன்னொண்ணு காணாமப் போயிடும், டேபிள பாக்கறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியாது. அதாவது இந்தச் சோதனைல உண்மைல அளக்கப்படறது, ரெண்டு மொழியும் மருந்தும் தெரிஞ்ச ஒருத்தரால மூலத்த மீட்டெடுக்க முடியுதாங்கறது. வீட்டுல தனியா பேப்பர வச்சுப் பாக்கறவங்க என்ன செய்வாங்கங்கறது இதுல அளக்கப்படவே இல்ல.

இதோட மறுபக்கம்தான் எனக்கு இன்னும் கவலையா இருக்கு. அந்த வரிய மாத்தி எழுதினோம்: "முதல் மாத்திரையை எந்தக் கிழமையில் போட்டீர்களோ, ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் மட்டும் போடுங்கள். ஒரு முறை போட்டு முழுதாக ஏழு நாள் ஆவதற்கு முன் அடுத்ததைப் போடாதீர்கள். உங்கள் கிழமை: ........." கடைசில இருக்கற கோடு டாக்டரோ மருந்துக்கடைக்காரரோ பேனாவால எழுதறதுக்கு. இத வேற ஆளுங்கள்ட்ட குடுத்து அதே சனிக்கிழமை கேள்விய கேட்டா அடுத்த சனின்னு பட்டுன்னு சொன்னாங்க. ஆனா இதோட பேக் ட்ரான்ஸ்லேஷன் போனதும் டேபிள் முழுக்க சிவப்பு: 'முதல் மாத்திரை' மூலத்துல இல்ல, 'ஏழு நாள்' மூலத்துல இல்ல, காலி இடம் மூலத்துல இல்ல, எல்லாமே கூடுதல்னு. தப்பா புரிஞ்ச வரிக்கு ஒரு கேள்வியும் வரல, சரியா புரிஞ்ச வரிக்கு மூணு கேள்வி. இப்படி ஒவ்வொரு தடவையும் பதில் எழுத வேண்டி வந்தா மொழிபெயர்ப்பாளர் என்ன பண்ணுவார், அடுத்த வேலைல இங்கிலீஷ ஒட்டியே எழுதிடுவார், அப்படி எழுதினா திரும்பப் போறதும் சுத்தமா போகும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

அதே பேப்பர்ல கருத்தடை வரி இதுக்கு நல்ல சாட்சி. இந்த மருந்து கருவ பாதிக்கும், அதனால பெண்கள் சாப்பிடற காலத்துலயும் நிறுத்தி ஆறு மாசம் வரைக்கும் கர்ப்பமாகக் கூடாது. தமிழ்ல "பயனுள்ள கருத்தடையைப் பயன்படுத்த வேண்டும்"னு இருந்துச்சு, சொல்லுக்குச் சொல் சரியா திரும்பப் போச்சு. வாசிச்ச ஒரு பொண்ணு, ஒரு பிள்ளைக்கு அம்மா, "அப்போ ஆபரேஷன் பண்ணணும்னா சொல்லுதீங்க?"ன்னு பயந்து கேட்டா. ஆஸ்பத்திரி சுவர்ல, கேம்ப் நோட்டீஸ்ல, ஊர்ல எங்க கேட்டாலும் கருத்தடைன்னா அறுவை சிகிச்சைதானே, அவ மேல என்ன தப்பு. இப்படி நினைச்சா ஒண்ணு மருந்தே வேண்டாம்னு போயிடுவா, இல்ல ஆபரேஷன்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு ஒரு பாதுகாப்பும் இல்லாம இருந்துடுவா. "கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆபரேஷன் இல்லாத வழிகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்"னு மாத்தினோம், அதுக்கும் டேபிள்ல கேள்வி வந்துச்சு.

ஐரோப்பால பொதுவா லீஃப்லெட்ட பயன்படுத்தறவங்கள்ட்டயே சோதிச்சுத்தான் வெளிய விடணும்னு சட்டத்துலயே வச்சிருக்காங்க. 2009 வழிகாட்டுதல்படி பத்துப் பத்து பேரா ரெண்டு சுற்று, கேட்ட தகவல நூத்துக்கு தொண்ணூறு பேர் பேப்பர்ல கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சவங்கள்ல தொண்ணூறு சதவீதம் பேருக்குப் புரிஞ்சிருக்கணும், கணக்குப் போட்டா ஒவ்வொரு கேள்விக்கும் 20க்கு 16 பேர். ஆனா அங்கயும் அந்தச் சோதனைய சாதாரணமா ஒரு மொழில பண்ணிட்டு மத்த மொழிக்கு மொழிபெயர்த்துடுவாங்க. மருத்துவக் கேள்வித்தாள் மொழிபெயர்க்கறவங்க 2005லயே ஐஸ்போர்ங்கற சர்வதேச அமைப்போட வழிமுறைல பேக் ட்ரான்ஸ்லேஷன் முடிஞ்சதுக்கு அப்புறம் நோயாளிகள்ட்ட பேசிப் பாக்கறத தனிப் படியா வச்சுட்டாங்க. நம்ம பக்கம் வர்ற வேலைகள்ல பெரும்பாலும் அந்தப் படிக்கு பட்ஜெட்டே இருக்காது, சர்டிபிகேட்டோட முடிஞ்சுடும்.

இருபது பேர் கிடைக்கலைன்னா அஞ்சு பேர்ட்டயாவது கேக்கச் சொல்றேன், சதவீதம் சொல்ல அது போதாது, ஆனா சனி-திங்கள் மாதிரி ஒரு ஓட்டை இருந்தா பெரும்பாலும் முதல் மூணு பேர்லயே வெளிய வந்துடும். கேள்விய பேப்பர்ல இருக்கற சொல்லாலயே கேக்காதீங்க, கிழமைய சொல்லி, மாத்திரைய கைல குடுத்த மாதிரி கேளுங்க, ஏன் அப்படி சொன்னீங்கன்னும் கேளுங்க, அந்தக் காரணத்துலதான் எந்தச் சொல் இழுத்துட்டுப் போச்சுன்னு தெரியும். எழுத்துக்கூட்டி வாசிக்கறவங்களையும் சேத்துக்கோங்க, காலேஜ் பசங்கள மட்டும் கூப்பிடாதீங்க. டேபிள்ல நான் இப்போ ஒரு கட்டம் கூடுதலா வச்சிருக்கேன், வாசிச்சவர் என்ன சொன்னார்னு அவர் பேச்சுலயே தமிழ்ல போட்டு, கீழ இங்கிலீஷ்ல விளக்கம். "கூடுதல்"னு சிவப்புல வர்ற இடத்துக்கு நேரா அந்த அக்கா சொன்ன திங்கக்கிழமை பதில வச்சப்போ, மெடிக்கல் டீம் ஏழு நாள் வரிய அப்படியே ஏத்துக்கிட்டாங்க. காலி கோட்ட மட்டும் இன்னும் ஏத்துக்கல, அச்சு டிசைன் மாத்தணுமாம், அதுக்குத்தான் இப்போ எழுதிட்டிருக்கேன்.