மேடைத் தமிழை ஆங்கிலத்தில் தந்தபோது

தமிழ் மாநாடு ஒன்றின் தொடக்கவுரையை ஆங்கிலமாக்கும் வேலை என்னிடம் வந்தது. ஓலைச்சுவடிகளை மின்னுருவாக்க நிதி கேட்கும் உரை அது. அரங்கில் அடுக்குமொழிக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆங்கில வடிவத்தையோ வெளிநாட்டு ஆய்வாளர்கள் அமைதியாக அச்சில் படிக்கப் போகிறார்கள்.

விளிகள் எளிதாகவே முடிந்தன. அமைச்சருக்கான ‘மாண்புமிகு’ பதவிக்குரிய மரபு என்பதால் ‘ஆனரபிள்’ ஆக நின்றது. ‘பெருமதிப்பிற்குரிய’, ‘அன்பிற்கினிய’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பதவிப் பெயரை மட்டும் வைத்தேன். ‘சீரும் சிறப்பும்’, ‘புகழும் பெருமையும்’ போன்ற இணைகளில் இரண்டாவது சொல் ஓசைக்காக வருவது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லே போதும்.

அதிக நேரம் பிடித்தது இந்த வரிதான்: “கல்லில் பொறித்தோம், கலத்தில் எழுதினோம், களத்தில் காத்தோம், காலம் எங்களை அழிக்க வந்தது, காலமே களைத்துப் போனது.” இதன் உயிர் மோனையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மோனையைத் தேடிப் போனால் விளம்பர வாசகமாகிவிடும். களைத்துப்போன காலத்தை அப்படியே கொண்டுபோனால் படிப்பவர் புருவம் உயர்த்துவார். மோனையை விட்டால் மிஞ்சுவது என்ன என்று பார்த்தேன்: கல்வெட்டும் பானை ஓடும். கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பானையில் கீறிய எழுத்துகள் அவை. எனவே ‘கல்லில் வெட்டினோம், பானையில் கீறினோம், தேவைப்பட்டபோது அதற்காகப் போராடினோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதன்பின் ‘அது இன்னும் நிற்கிறது’ என்று மூன்றே சொற்களில் ஒன்று. பெயரடை ஒன்றுகூட இல்லை. தமிழில் ஓசை தந்த கம்பீரத்தை இங்கே வினைச்சொற்களும் கடைசி வாக்கியத்தின் குறுக்கமும் தருகின்றன.

இந்த உத்தியை எல்லா இடத்திலும் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு பத்தியையும் குறுவாக்கியத்தில் முடித்தால் அதுவே மிகையாகிவிடும். உரையின் உச்சம் எது என்று தீர்மானித்து அங்கே மட்டும் அடுக்கை வைத்துக்கொண்டேன். மற்ற இடங்களைச் சமவெளியாக்கினேன். “யார் மறுப்பார்? எவர் மறைப்பார்? எந்த நாடு மறக்கும்?” என்ற மூன்றில் ஒரு கேள்வி மட்டுமே ஆங்கிலத்துக்குப் போனது.

ஆனால் அலங்காரம் வேறு, கருத்து வேறு. தமிழே உலகின் மூத்த மொழி என்று பேச்சாளர் சொல்லியிருந்தார். அது அவருடைய வாதம். அதை ‘மூத்த மொழிகளுள் ஒன்று’ என்று தணிக்க எனக்கு உரிமையில்லை, தணிக்கவும் இல்லை.

வரைவைத் தமிழ் தெரியாத நண்பரிடம் நிதானமாக வாசித்துக் காட்டி, பேச்சாளர் என்ன கேட்கிறார் என்றேன். முதல் வாசிப்பில் அவருக்குத் தமிழின் பெருமை மட்டுமே நினைவிருந்தது, சுவடி நினைவில்லை. கோரிக்கைப் பத்திக்கு முன்னிருந்த துதியை இரண்டு வாக்கியமாகச் சுருக்கி மறுபடி வாசித்தேன். “சுவடிகள் செல்லரிப்பதற்குள் படமெடுக்கப் பணம்” என்றார்.

பேச்சாளர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ‘தமிழன்னை’ ஓரிடத்திலாவது இருக்க வேண்டும். முடிவுரையில் வைத்தேன்.