மூக்கோரச் சிவப்பை ‘வறட்சி’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்

மூக்கின் இருபுறமும் கன்னத்தோடு சேரும் மடிப்பில் சிவப்பு, புருவங்களுக்குள் செதில். இதோடு நான் முதலில் போய் நின்ற பொது மருத்துவர், இருக்கையை விட்டு எழாமலேயே “தோல் வறண்டிருக்கிறது, எண்ணெய்ப் பசையுள்ள களிம்பாகப் பார்த்துத் தடவுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். புருவத்தை விலக்கிப் பார்க்கவில்லை. தலையில் பொடுகு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை.

களிம்பு தடவிய அன்று செதில் படிந்துபோகும். மறுநாள் காலையில் சிவப்பு இன்னும் அகலமாகி, செதில் மஞ்சளாகத் தடித்திருக்கும். வறட்சி என்றால் ஈரப்பதக் களிம்பு தடவியதும் நிம்மதி கிடைத்து, சில நாட்களில் தோல் சீராகிவிட வேண்டும். களிம்பு தடவத் தடவ வளர்கிறது என்றால் அதை வறட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்துப் பார்த்த தோல் மருத்துவர், விளக்கை அருகில் இழுத்து வைத்து மூக்கோரச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி என் விரலில் வைத்தார். தேய்க்கச் சொன்னார். அது உதிரவில்லை, மெழுகு போல விரலில் இழுபட்டது. வறண்ட தோலின் செதில் வெள்ளையாக, மெல்லியதாக, மாவு போல உதிரும் என்றார். பிறகு காதுகளுக்குப் பின்னாலும் தலைமுடியின் ஓரத்திலும் பார்த்தார். அங்கேயும் அதே செதில். “முகம் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா?” என்று கேட்டார். இல்லை, கன்னம் நன்றாகவே இருந்தது. வறட்சி வந்தால் கன்னம், வாயோரம், முழங்காலுக்குக் கீழ் எல்லாம் சேர்ந்து இழுக்கும். எண்ணெய் அதிகம் சுரக்கும் மூக்கோரத்தையும் புருவத்தையும் தலையையும் மட்டும் தேர்ந்தெடுத்து வருவது செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சி. தலையில் வரும் பொடுகும் இதன் லேசான வடிவம்தான்.

காரணத்தையும் அவரே சொன்னார். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. அது தோலின் எண்ணெயைச் சிதைத்துத்தான் வாழ்கிறது. அப்போது வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. அந்த உறுத்தல்தான் சிவப்பும் செதிலும். அழுக்கால் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதுமில்லை. எண்ணெய்ப் பசையான களிம்பு ஏன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆலிவ் எண்ணெய் போன்றவையும் அந்தப் பூஞ்சைக்கு உணவாகலாம்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை: 2 சதவீத கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கிரீம் மெல்லிய பூச்சாக, கண்ணுக்குள் போகாமல், சில வாரங்களுக்கு. தலைக்கு அதே மருந்து கலந்த ஷாம்பூ, வாரம் இரண்டு முறை. ஷாம்பூவில் ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை: நுரை வந்ததும் அலசிவிடக் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும்; இல்லையென்றால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. தலையை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் மருந்து போட்டால் புருவத்தில் சீக்கிரமே திரும்ப வரும் என்றும் எச்சரித்தார்.

நடுவில் ஒரு மருந்துக்கடைக்காரர், மருத்துவர் எழுதிய கிரீம் இல்லை என்று சொல்லி, “இது இன்னும் சீக்கிரம் கேட்கும்” என்று வேறொரு குழாயை நீட்டினார். பெட்டியைத் திருப்பிப் படித்தேன். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. வாங்காமல் திரும்பினேன், அதில் எனக்கு இன்றும் பெரிய நிம்மதி. அத்தகைய கலவை சிவப்பைச் சட்டென்று அமர்த்தும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். தொடர்ந்து போட்டால் முகத்தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும். மருத்துவரே சில வேளை 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் தருவதுண்டு. அது வீரியம் குறைந்த ஸ்டீராய்டு, அதுவும் சில நாட்களுக்குத்தான்.

இப்போது முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இது அடங்குமே தவிர அடியோடு போவதில்லை. குளிர்காலம், மன அழுத்தம், தூக்கக் குறைவு இவற்றோடு தலைகாட்டும். அதனால் ஷாம்பூவை வாரம் ஒன்றாகக் குறைத்துத் தொடர்கிறேன். கருமையான தோலில் சிவப்பு தெரியாமல், சுற்றியுள்ள நிறத்தைவிட வெளிறிய திட்டாகவும் இது வரும். நிறத்தைத் தேடாமல் இடத்தையும் செதிலையும் பாருங்கள். முழங்கை, முழங்காலிலும் தடித்த வெள்ளிநிறச் செதில் இருந்தால் சோரியாசிஸாக இருக்கலாம். நாலு வாரம் ஒழுங்காக மருந்து போட்டும் அசையவில்லை என்றால் அதே குழாயைத் தொடராமல் தோல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.