ரெண்டு பேருக்கும் 19, ஒருத்தனுக்கு மட்டும் 7

விடைத்தாளைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய 25 மார்க் கணக்குத் தேர்வு. திருத்தியது, கூட்டியது எல்லாம் சுலபம். பட்டியலை வகுப்புக் குழுவில் போட்ட பிறகுதான் வம்பு. "சார், ரெண்டு பேருக்கும் 19. அவனுக்குப் பத்துக்கு 8, எனக்கு மட்டும் ஏன் 7?"

கேட்ட பையனுக்கு உண்மையில் 18.5. எக்செல் கட்டத்தில் தசமம் தெரியாதபடி வைத்திருந்ததால் 19 என்று காட்டியது. உள்ளே இருந்தது 18.5தான். அதைப் பத்துக்கு மாற்றினால் 7.4, அதாவது 7. அசல் 19 வாங்கியவனுக்கு 7.6, அதாவது 8. கணக்கு சரி, காட்டிய விதம்தான் தப்பு. பட்டியலை அனுப்பும் முன் அந்தக் கட்டங்களில் ஒரு தசமமாவது தெரிகிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் சூத்திரத்திலிருந்து தொடங்கினால் எடுபடாது. அந்தத் தாளையே கரும்பலகையில் போட்டேன். மூன்று கேள்விகளில் 1½, 2½, 3½. மற்றவை சேர்ந்து 11. மொத்தம் 18½. கேள்விக்குக் கேள்வி அரையை ஒன்றாக்கினால் 2, 3, 4, 11 சேர்ந்து 20. வாங்காத ஒன்றரை மார்க் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்டார்கள். அரையை அரையாகவே கடைசிவரை கொண்டுபோய், பத்துக்கு மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை முழு எண்ணாக்க வேண்டும்:

```
=ROUND(C2*10/25,0)
```

"சரியா 7.5 வந்தா?" என்றது கடைசி பெஞ்சு. வராது. 25ஐப் பத்தாக்கும்போது அரை மார்க் 0.2 ஆகிறது. அதனால் விடை .0, .2, .4, .6, .8 என்றுதான் முடியும். முன்கூட்டியே மொத்தத்தை முழு எண்ணாக்கினால் ஒரு மார்க் மாறுவதும் 3.5, 8.5, 13.5, 18.5, 23.5 என்ற ஐந்து இடங்களில் மட்டும். புகார் வந்தால் முதலில் இந்த ஐந்தில் ஒன்றா என்று பாருங்கள், பாதி வேலை முடியும்.

படத்தால் வந்த சிக்கல் வேறு. 2.5 என்று சிவப்பு மையில் எழுதினால், வாட்ஸப் சுருக்கிய படத்தில் புள்ளி காணாமல் போய் 25 ஆகிவிடுகிறது. 2½ என்று பெரிதாக எழுதி வட்டமிடுங்கள். படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காது. ஓரத்தை வெட்டியெடுத்த படங்களில் மார்க்கே போய்விடும், அதனால் விடையின் கடைசி வரிக்குப் பக்கத்திலேயே போடுவது நல்லது.

எக்செல்லில் ஏற்றும்போது 1/2 என்று தட்டினால் அது தேதியாகிவிடும். 0.5 என்றே தட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு 7 மாறவில்லை. ஆனால் தாளை வாங்கிப் பார்த்தவன், 2½ போட்டிருந்த விடையில் 'ச.செ.மீ.' எழுதாமல் விட்டதால்தான் அரை போனது என்று தானே கண்டுபிடித்தான்.